கருப்பட்டிக் கடலை மிட்டாய்க்கு மூன்று டீசர்: எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

செல்வி (கோவில்பட்டி பக்கம்) · 2025 ஆகஸ்ட் 9, இரவு 9.40

செப்டம்பர் முதல் வாரத்தில் கருப்பட்டியில் செய்த கடலை மிட்டாயை இறக்குகிறேன். முதல் சரக்கு 150 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் 12 துண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஃபாயிலில் சுற்றி ஒட்டியது. விற்பனை முழுக்க வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான்.

விற்பனையைத் திறப்பதற்கு முன் மூன்று டீசர் போடலாம் என்று நினைத்து, வரைந்தும் விட்டேன். முதலாவது: கறுப்புப் பின்னணி, நடுவில் கேள்விக்குறி, கீழே "விரைவில்... ஓர் இனிப்பான ரகசியம்". இரண்டாவது: பாக்கெட்டின் நிழல். மூன்றாவது: தேதி. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். அவர் எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். இதைப் பார்த்து ஆட்கள் காத்திருப்பார்களா?

டிஜிட்டல் மணி · ஆகஸ்ட் 9, இரவு 10.15

கண்டிப்பாக. மறைக்க மறைக்கத்தான் ஆர்வம் கூடும். மூன்றிலும் பொருளைக் காட்டாதீர்கள், விலையைச் சொல்லவே சொல்லாதீர்கள். கூடவே ஏழு நாள் கவுண்ட்டவுன் ஓட்டுங்கள். இன்னொன்று, முதல் டீசரிலேயே பெயரும் நம்பரும் வாங்கத் தொடங்கிவிடுங்கள். திறக்கிற அன்று யாரிடம் சொல்வது என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால் டீசர் எல்லாம் வெறும் அலங்காரம்.

குமரேசன் அண்ணாச்சி · ஆகஸ்ட் 10, காலை 6.05

தலைப்பைப் பார்த்து வந்தேன். கருப்பட்டிப் பாகு வெல்லப் பாகு மாதிரி இல்லை, தாயி. கருப்பட்டியை முதலில் கரைத்து வடிகட்டு, மண் இருக்கும். அப்புறம் உருண்டைப் பதத்தோடு இறக்கிவிடாதே. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் "டக்" என்று உடைய வேண்டும், வளையக் கூடாது. அந்தப் பதம் தாண்டினால் அடிப்பிடித்துக் கசக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். அதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, சூடாகவே பாகில் கொட்டு.

செல்வி · ஆகஸ்ட் 10, காலை 8.20

அண்ணாச்சி, மிட்டாய் செய்தாகிவிட்டது, நான் கேட்டது விளம்பரம். ஆனாலும் அந்த "டக்" பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

சிதம்பரம் · ஆகஸ்ட் 10, முற்பகல் 11.30

கேள்விக்குறிப் படத்தை எடுத்துவிடுங்கள், செல்வி.

மணி சொன்னதில் பட்டியல் பற்றிய பாதி சரி. மறைக்க மறைக்க ஆர்வம் என்ற பாதி சரியில்லை. ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1994இல் ஆர்வத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சாரம் இதுதான்: தனக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை ஒருவர் பார்க்கும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் அந்த இடைவெளியும் தெரியாது. பெரிய நடிகரின் படத்துக்கு வெறும் தேதியைப் போட்டாலே ஊர் அலறுகிறது என்றால், மீதி எல்லாம் ரசிகருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்தான். உங்கள் கறுப்புப் படத்தைப் பார்ப்பவருக்கு அது மிட்டாயா, மாலைநேர வகுப்பா, மனை விற்பனையா என்றுகூடத் தெரியாது. விரல் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆகவே முதல் டீசரில் நிறையக் கொடுக்க வேண்டும். பொருள் இன்ன வகை என்பது தெரியட்டும். வாங்குகிறவர் மனதில் ஏற்கெனவே இருக்கிற ஒரு கேள்வியை அவர் சொற்களிலேயே எழுப்புங்கள். மறைக்க வேண்டியது பதிலை மட்டும்தான்.

உங்கள் வாடிக்கையாளர்கள் கருப்பட்டி மிட்டாயைப் பற்றி என்ன குறை சொல்வார்கள்? அதை முதலில் எழுதுங்கள், டீசரை அப்புறம் பார்க்கலாம்.

சிதம்பரம் · ஆகஸ்ட் 10, பிற்பகல் 12.10

மூன்று என்ற எண்ணிக்கைக்கு ஒரு பழைய உதாரணம். 1981, பிரான்ஸ். ஆகஸ்ட் கடைசியில் சுவரொட்டி ஒன்று: கடற்கரையில் பிகினி அணிந்த மிரியம் என்ற பெண், "செப்டம்பர் 2 அன்று மேலாடையைக் கழற்றுவேன்" என்கிறாள். அதே 2ஆம் தேதி புதுச் சுவரொட்டி. சொன்னபடி மேலாடை இல்லை, கூடவே "செப்டம்பர் 4 அன்று கீழாடையைக் கழற்றுவேன்". 4ஆம் தேதி சொன்னபடியே நின்றாள், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு. கீழே: "வாக்குத் தவறாத சுவரொட்டி நிறுவனம், அவெனிர்". 

படம் நம் ஊருக்கு ஒத்துவராது, அன்று அங்கேயே சண்டை வந்தது. அமைப்பைப் பாருங்கள். அவெனிர் விற்றது சுவரொட்டி இடம். சொன்ன தேதியில் ஒட்டிவிடுவார்கள் என்பதுதான் அவர்களின் சரக்கு, அதை டீசரே நடத்திக் காட்டிவிட்டது. தேதி தள்ளிப் போயிருந்தால் அத்தனையும் வீண். உங்கள் மூன்று டீசரும் சேர்ந்து மிட்டாயின் எந்தக் குணத்தை நடத்திக் காட்டும்?

ரேவதி, திருப்பூர் · ஆகஸ்ட் 10, மாலை 4.45

குழந்தைகள் உடை தைக்கிறோம். போன வருடம் "அம்மாக்களின் இரவையே மாற்றப் போகிறோம்" என்று தொடராகப் போட்டேன். பதில்கள் கொட்டின. தானாக ஆடும் தொட்டில் என்றார் ஒருவர், குழந்தையைத் தூங்க வைக்கும் கருவி என்றார் இன்னொருவர். எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் காட்டியது டயப்பர் மாற்ற வசதியாக பட்டன் வைத்த பருத்தி பேன்ட். நல்ல பேன்ட்தான். முதல் கமென்ட் "இதுக்கா?".

சிதம்பரம் · ஆகஸ்ட் 10, இரவு 8.00

ரேவதி சொல்வது டீசருக்கு வருகிற தலையாய நோய். செக்வே என்ற அமெரிக்கத் தயாரிப்புக்கும் அதுதான் நடந்தது. 2001 ஜனவரியில் அதைப் பற்றிய புத்தகத் திட்டம் ஒன்று கசிந்தது. பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாது, "ஜிஞ்சர்" என்ற சங்கேதப் பெயர் மட்டும்தான். ஊகம் மாதக்கணக்கில் வளர்ந்தது, பறக்கும் வண்டி வரை போனது. டிசம்பர் 3 அன்று திரை விலகியபோது நின்றது இரண்டு சக்கர மின்வண்டி. பொறியியலாக அருமையான பொருள்தான், ஆனால் ஊகித்ததைவிடச் சிறியது. 2020இல் அந்த முதல் வகை வண்டியின் உற்பத்தியே நின்றது. விலை, சாலைச் சட்டம் என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் டீசர்மேல் போட முடியாது. ஆனால் முதல் நாள் முகம் வாடியது ஊகத்தால்தான்.

உங்களுக்கு வந்த பதில்கள் பொருளைவிடப் பெரிதாக இருந்தன, ரேவதி. அப்போதே இரண்டாவது டீசரில் துணியைக் காட்டி ஊகத்தைக் கீழே இறக்கியிருக்கலாம். நடு டீசருக்கு அந்த வேலையும் உண்டு.

டிஜிட்டல் மணி · ஆகஸ்ட் 10, இரவு 8.30

ஆனால் பதில்கள் கொட்டின என்கிறாரே, அதுவே வெற்றிதானே? நூறு பேர் வந்து பத்துப் பேர் ஏமாந்தாலும் லாபம்.

ரேவதி, திருப்பூர் · ஆகஸ்ட் 10, இரவு 8.41

ஏமாந்தவர்கள் பத்துப் பேர் என்று யார் சொன்னது?

செல்வி · ஆகஸ்ட் 11, இரவு 9.00

சிதம்பரம் சார், பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தோண்டினேன். வெல்ல மிட்டாய் வாங்குகிறவர்களிடம் "கருப்பட்டியில் செய்தால் வாங்குவீர்களா" என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த பதில்களில் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: "கருப்பட்டி மிட்டாய் மழைக்காலத்தில் பிசுபிசு என்று ஆகிவிடும், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்." தனித்தனியாகச் சுற்றியதே அதற்காகத்தான்.

ஒரு யோசனை வருகிறது. ஒரு தட்டில் இரண்டு துண்டு: ஒன்று வெளியில் வாங்கிய கருப்பட்டி மிட்டாய், ஒன்று என்னுடையது. இரண்டையும் திறந்தே வைக்கிறேன். முதல் டீசர்: "எது முதலில் பிசுபிசுக்கும்?" இரண்டாவது: நடுவில் எடுத்த படம். மூன்றாவது: முடிவு.

சிதம்பரம் · ஆகஸ்ட் 11, இரவு 9.50

அருமை. அவெனிர் செய்ததும் இதே வேலைதான்.

அனிதா, திருவான்மியூர் · ஆகஸ்ட் 11, இரவு 10.05

கோவில்பட்டிக் காற்றில் ஆகஸ்டில் எதை வைத்தாலும் காய்ந்துதான் கிடக்கும். அந்தத் தட்டைக் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு உப்பு ஜாடியே அழுதுகொண்டிருக்கிறது.

சிதம்பரம் · ஆகஸ்ட் 12, காலை 7.15

இரவே "அருமை" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், அனிதா சொன்னதைப் படித்தபின் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். பொதுவில் நடத்தப் போகிற சோதனையை முதலில் யாருக்கும் சொல்லாமல் நடத்திப் பார்க்க வேண்டும். முடிவு தெரியாமல் முதல் டீசரைப் போட்டால், மூன்றாவது டீசரில் உங்கள் துண்டு தோற்றுக் கிடக்கும். அல்லது படத்தை மாற்றி வைக்கத் தோன்றும், அது அதைவிட மோசம். இரண்டு துண்டை அனிதாவுக்குக் கூரியரில் அனுப்புங்கள்.

குமரேசன் அண்ணாச்சி · ஆகஸ்ட் 12, காலை 8.30

திறந்து வைத்தால் தோற்கத்தான் செய்யும். பிசுபிசுப்புக்கு இரண்டு வாசல். ஒன்று பாகு பதம் போதாமல் உள்ளேயே ஈரம் தங்குவது. இன்னொன்று வெளிக்காற்று. கருப்பட்டி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெள்ளைச் சீனியைவிட அதிகமாக. பதத்தால் முதல் வாசலை அடைக்கலாம். இரண்டாவதைக் காகிதமோ ஃபாயிலோதான் அடைக்கும். எந்தக் கொம்பன் செய்த மிட்டாயும் திறந்து கிடந்தால் இளகும்.

செல்வி · ஆகஸ்ட் 17, மாலை 6.20

அண்ணாச்சி சொன்னதே நடந்தது. இங்கே என் தட்டில் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அனிதா அக்கா வீட்டில் வெளித்துண்டு மறுநாளே பளபளவென்று ஈரமானது, என்னுடையது கொஞ்சம் தாக்குப்பிடித்து அப்புறம் அதுவும் விரலில் ஒட்டியது. சோதனை போச்சு. திரும்பக் கேள்விக்குறிக்கே போய்விடலாமா என்றிருக்கிறது.

அனிதா, திருவான்மியூர் · ஆகஸ்ட் 17, மாலை 6.50

தோற்ற இரண்டையும் தின்றுவிட்டேன். ருசி தோற்கவில்லை.

சிதம்பரம் · ஆகஸ்ட் 17, இரவு 9.10

சோதனை போகவில்லை, சொல்ல வந்த வாக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். "என் மிட்டாய் திறந்து வைத்தாலும் இளகாது" என்பது பொய். உங்கள் பொருள் உண்மையில் தருவது வேறு: பாக்கெட்டை ஒருமுறை திறந்தபின் மீதித் துண்டுகள் என்ன ஆகின்றன என்பது. வீட்டில் யாரும் ஒரே உட்காரலில் 12 துண்டு தின்பதில்லை (அனிதாவைத் தவிர).

ஆகவே தட்டு வேண்டாம், இரண்டு பாக்கெட். இரண்டிலும் உங்கள் மிட்டாய்தான், அடுத்தவர் சரக்கை இழுக்க வேண்டியதில்லை. ஒன்றில் 12 துண்டும் மொத்தமாக, இன்னொன்றில் சுற்றியவை. இரண்டையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்துவிட்டு, வாய் திறந்தபடி அனிதா வீட்டு அலமாரியில் வையுங்கள். முதலில் ரகசியமாக ஒருமுறை. ஃபாயில் ஒட்டு சரியில்லை என்றால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

அனிதா, திருவான்மியூர் · ஆகஸ்ட் 22, காலை 10.00

ரகசியச் சோதனை முடிவு: மொத்தமாக இருந்தது ஒரே கட்டி. பிரிக்கக் கத்தி எடுத்தேன். சுற்றிய பாக்கெட்டில் பதினொன்றும் "டக்". இல்லை, பத்து. ஒன்றில் ஓரம் சரியாக ஒட்டாமல் இருந்தது, அது மட்டும் இளகிவிட்டது.

செல்வி · ஆகஸ்ட் 22, காலை 10.40

அந்த ஒன்றுதான் கவலை. ஒட்டும் சீலரில் சூடு நிலையாக நிற்கவில்லை போல. இன்று எல்லாப் பாக்கெட்டையும் கையால் அழுத்திப் பார்க்கிறோம்.

டிஜிட்டல் மணி · ஆகஸ்ட் 22, பிற்பகல் 1.15

நடுவில் ஒரு நல்ல வரி தோன்றியது, சேர்த்துக்கொள்ளுங்கள்: "சர்க்கரை நோயாளிகளும் கவலையின்றிச் சாப்பிடலாம்". கருப்பட்டி என்றாலே மக்கள் அதற்குத்தான் வாங்குகிறார்கள்.

சிதம்பரம் · ஆகஸ்ட் 22, பிற்பகல் 1.40

வேண்டவே வேண்டாம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை ஏறும். உணவு விளம்பரத்தில் எதைச் சொல்லலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018லேயே விதி போட்டிருக்கிறது, நோய் பற்றிய பேச்சு அதில் மாட்டும். டீசர் என்பதால் விதி தளராது. இன்னொரு எச்சரிக்கை: 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய "கோவில்பட்டி கடலை மிட்டாய்" வெல்லத்தில் செய்வது. அந்தப் பெயரைக் கருப்பட்டி மிட்டாய்ப் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் போடாதீர்கள், செல்வி.

செல்வி · ஆகஸ்ட் 22, பிற்பகல் 2.30

பெயர் வேறு வைத்திருக்கிறேன். தேதிக்கு வருவோம். செப்டம்பர் 7 ஞாயிறு மாலை திறக்கலாமா? ஞாயிறு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், திங்கள் காலை கூரியரில் போட்டுவிடலாம்.

அனிதா, திருவான்மியூர் · ஆகஸ்ட் 22, பிற்பகல் 2.50

7ஆம் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம்! அன்று மாலை தின்பண்டத்தைத் திறந்து வைக்கிறேன் என்றால் என் மாமியார் உங்கள் எண்ணை பிளாக் செய்துவிடுவார்.

குமரேசன் அண்ணாச்சி · ஆகஸ்ட் 22, பிற்பகல் 3.30

மறுநாளிலிருந்து மகாளயம், அமாவாசை வரை. எதுவும் தொடங்க மாட்டார்கள்.

டிஜிட்டல் மணி · ஆகஸ்ட் 22, பிற்பகல் 3.45

மிட்டாய் வாங்கவுமா பஞ்சாங்கம்?

சிதம்பரம் · ஆகஸ்ட் 22, இரவு 9.30

வாங்குகிறவர் பார்க்காவிட்டாலும் அவர் ஸ்டேட்டஸ் முழுக்க கிரகணமாக இருக்கும், உங்கள் படம் அதில் மூழ்கும். இதே காரணத்துக்காக 27ஆம் தேதி விநாயகர் சதுர்த்தியையும் விடுங்கள்.

முன்னால் இழுக்கலாம். 28 வியாழன் முதல் டீசர், 30 சனி இரண்டாவது, செப்டம்பர் 1 திங்கள் மூன்றாவது, 3 புதன் மாலை 7 மணிக்குத் திறப்பு. சம்பளம் வந்திருக்கும். வியாழனும் வெள்ளியும் கூரியரில் போட்டால், தமிழ்நாட்டுக்குள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கு முன் போய்ச் சேரும், கோடவுனில் கிடந்து இளகாது.

மணி சொன்ன ஏழு நாள் கவுண்ட்டவுன் கார், வீடு, படிப்பு போன்ற யோசித்து வாங்கும் பொருளுக்குச் சரி. மிட்டாய் ஆசையால் வாங்குவது, ஆசையை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் பக்கத்துக் கடையில் தீர்த்துக்கொள்வார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆகவே நடு நாளில் ஒருவர் போட்ட ஊகத்தைப் போட்டு நூலை அறுபடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் · ஆகஸ்ட் 23, காலை 6.50

மணி முதல் நாளே சொன்ன பட்டியலுக்கு வருகிறேன். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். நீங்கள் அனுப்பிவிட்டதாக நினைப்பீர்கள், பாதிப் பேருக்குப் போயிருக்காது. ஆகவே முதல் டீசரின் கீழே ஒரு சிறு வேலை கொடுங்கள்: "எந்தப் பாக்கெட் தாக்குப்பிடிக்கும்? 1 அல்லது 2 என்று பதில் அனுப்புங்கள். என் எண்ணைச் சேமித்துக்கொண்டால் முடிவு வந்து சேரும்." பதில் போட்டவர்தான் உங்கள் உண்மையான பட்டியல். லைக் போட்டவர் இல்லை.

இன்ஸ்டாகிராமில் வேறு சிக்கல். அங்கே வரிசை கிடையாது, முதல் டீசர் ஒருவருக்கு மூன்றாவதுக்கு அப்புறம் வந்து நிற்கும். "நாளை காட்டுகிறேன்" என்று எழுதினால் எந்த நாளை? "செப்டம்பர் 1 அன்று" என்று தேதியாகவே எழுதுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் முந்தைய படத்தை ஓரத்தில் சின்னதாகக் காட்டட்டும், அதை மட்டும் பார்த்தவருக்கும் கதை புரியும். மூன்றையும் பக்கத்தின் மேலே பின் செய்துவிடுங்கள், மூன்று பதிவு வரை அனுமதி உண்டு.

டிஜிட்டல் மணி · ஆகஸ்ட் 23, காலை 9.00

விலை? இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். விலையைக் கடைசி நிமிடம் வரை சொல்லாதீர்கள். சொன்னால் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும், ஆசை போய்விடும்.

சிதம்பரம் · ஆகஸ்ட் 23, காலை 9.30

மூன்றாவது டீசரில் விலை வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. திறக்கிற மாலை 7 மணிக்கு ஒருவர் செய்ய வேண்டியது முகவரி அனுப்புவது மட்டுமாக இருக்கட்டும். 240 கிராம் 170 ரூபாய், கூரியர் தனி என்று முதல்முறையாக அப்போதுதான் கேட்டால், "கூரியர் எவ்வளவு, இரண்டு பாக்கெட்டுக்கு எவ்வளவு" என்று 50 பேர் ஒரே நேரத்தில் கேட்பார்கள், பதில் போடச் செல்வி ஒருவர்தான் இருக்கிறார். அதற்குள் ஆசை ஆறிப்போகும்.

ரேவதி, திருப்பூர் · ஆகஸ்ட் 23, காலை 10.10

துணியில் மணி சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. நாங்கள் விலையை முன்கூட்டிச் சொன்ன இரண்டு முறையும் பக்கத்துக் கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்துப் போட்டார்.

சிதம்பரம் · ஆகஸ்ட் 23, காலை 10.25

போட்டியாளர் பார்க்கிற இடத்தில் அது நியாயமான பயம். அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

செல்வி · ஆகஸ்ட் 26, இரவு 8.15

எழுதிவிட்டேன், பாருங்கள். பொதுச் சோதனைக்கான பாக்கெட்டுகள் அனிதா அக்கா வீடு போய்ச் சேர்ந்துவிட்டன.

முதலாவது (ஆகஸ்ட் 28): அலமாரியில் வாய் திறந்த இரண்டு பாக்கெட், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. "கருப்பட்டிக் கடலை மிட்டாய் மழை நேரத்தில் ஏன் பிசுபிசுக்கிறது? இரண்டு பாக்கெட்டையும் இன்று சென்னையில் கடற்கரைப் பக்கத்து வீடொன்றில் திறந்து வைத்திருக்கிறோம். ஒன்று கட்டியாகும். எது? செப்டம்பர் 1 அன்று பிரித்துக் காட்டுகிறேன். 1 அல்லது 2."

இரண்டாவது (ஆகஸ்ட் 30): பாகுச் சொட்டு தண்ணீரில் விழும் காணொளி, ஒடிக்கும் "டக்" சத்தம். "பிசுபிசுப்புக்கு இரண்டு வாசல். ஒன்றை அடைப்பது இந்தச் சத்தம். இன்னொன்று?"

மூன்றாவது (செப்டம்பர் 1): இரண்டையும் பிரிக்கும் காணொளி, சுற்றிய துண்டு, விலை, கூரியர், 150 பாக்கெட், 3ஆம் தேதி மாலை 7 மணி.

குமரேசன் அண்ணாச்சி · ஆகஸ்ட் 26, இரவு 8.40

இரண்டு வாசல் என்னுடையது. ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்பு.

சிதம்பரம் · ஆகஸ்ட் 26, இரவு 9.00

முதலாவதில் "ஏன் பிசுபிசுக்கிறது", "எது கட்டியாகும்" என்று இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்றே போதும். "ஏன்" என்பதை இரண்டாவதுக்குத் தள்ளிவிடுங்கள். மற்றபடி தொடாதீர்கள்.

செல்வி · ஆகஸ்ட் 28, இரவு 10.20

போட்டாச்சு. பதில் நிறைய வருகிறது, பெரும்பாலும் 1. ஆனால் ஒரு அக்கா நேராக "ஒன்றில் தனித்தனியா சுத்திருப்பீங்க, அதானே?" என்று கமென்டிலேயே போட்டுவிட்டார். அழித்துவிடவா?

டிஜிட்டல் மணி · ஆகஸ்ட் 28, இரவு 10.24

உடனே அழியுங்கள்!

சிதம்பரம் · ஆகஸ்ட் 28, இரவு 10.50

அழித்தால் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி, அதோடு ஒரு வாடிக்கையாளரும் போய்விடுவார். "பாதி சரி, அக்கா. மீதிப் பாதி சனிக்கிழமை" என்று பதில் போடுங்கள். அது உண்மையும்கூட, பதம் இல்லாமல் வெறும் ஃபாயில் மட்டும் காப்பாற்றாது. நாளை ஸ்டேட்டஸில் வைக்க ஊகமும் கிடைத்துவிட்டது.

இப்போது பதில்களின் தன்மையைப் பாருங்கள். "என்ன விற்கிறீர்கள்?" என்று கேட்பவர் அதிகமென்றால் டீசர் இருட்டு. எல்லாரும் ஃபாயில் என்றால் வெளிச்சம் அதிகம். ஒருவர் மட்டும் கண்டுபிடித்திருப்பது நல்ல அளவுதான். யாராவது விலை கேட்டார்களா?

செல்வி · ஆகஸ்ட் 28, இரவு 11.05

ஆறேழு பேர். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கடைக்கு மொத்தமாகக் கேட்கிறார்.

சிதம்பரம் · ஆகஸ்ட் 28, இரவு 11.10

அவர்களைக் காக்க வைக்காதீர்கள். கேட்டவருக்குத் தனியாக விலையைச் சொல்லிவிடுங்கள். டீசர் வாங்க வராதவரை வரவைக்கத்தான், வந்து நிற்பவரை வாசலில் நிறுத்த இல்லை.

அனிதா, திருவான்மியூர் · செப்டம்பர் 1, காலை 7.30

பிரித்தாச்சு, காணொளி அனுப்பிவிட்டேன். கட்டியானதை உடைக்க இந்த முறை அம்மிக்கல். சுற்றிய பதினொன்றும் சரியாக இருந்தன, இம்முறை ஒன்றுகூட இளகவில்லை. என் மாமியார் கட்டியையே விரும்பிச் சாப்பிடுகிறார், அதைச் சொல்லிவிடாதீர்கள்.

செல்வி · செப்டம்பர் 4, காலை 6.40

நேற்றிரவு 150இல் 112 போயிற்று. பதில் போட்டவர்களின் பட்டியலிலிருந்துதான் பெரும்பாலும். இன்ஸ்டாகிராமிலிருந்து மிகக் குறைவு, அங்கே இன்றைக்கும் ஒருவர் முதல் டீசரைப் பார்த்துவிட்டு "2" என்று போட்டுவிட்டுப் போகிறார். விலையை முன்பே சொன்னதால் 7 மணிக்குக் குழப்பம் இல்லை. ஆனால் மூன்றாவது டீசர் போன பிறகு நாலு பேர் "கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டதும் உண்மை.

டிஜிட்டல் மணி · செப்டம்பர் 4, காலை 8.00

அந்த நாலு பேர் என் கட்சி.

சிதம்பரம் · செப்டம்பர் 4, காலை 8.30

விலையை 7 மணிக்குச் சொல்லியிருந்தால் அந்த நாலு பேர் வாங்கியிருப்பார்களா, அல்லது 7 மணிக்குப் பேச்சை நிறுத்தியிருப்பார்களா? இரண்டு பட்டியலாகப் பிரித்து அனுப்பிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். இந்த அளவு எண்ணிக்கையில் அதுவும் உறுதியாகச் சொல்லாது.

செல்வி · செப்டம்பர் 4, இரவு 9.15

மீதி 38 பாக்கெட்டுக்கு இன்னொரு டீசர் போடவா? அக்டோபரில் அடுத்த சரக்கு, மழையும் தொடங்கிவிடும்.

சிதம்பரம் · செப்டம்பர் 4, இரவு 9.40

38க்கு டீசர் வேண்டாம், எல்லாருக்கும் பதில் தெரிந்துவிட்டது. "இருக்கிறது, வேண்டுமா" என்று கேட்டால் போதும். வாங்கியவர் வீட்டில் பாக்கெட் திறந்து எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு வையுங்கள். மழையில் அடுத்த சரக்கு போகும்போது அந்தப் பதில்கள் தேவைப்படும், ஃபாயில் ஒட்டு அப்போதுதான் உண்மையில் சோதிக்கப்படும்.

குமரேசன் அண்ணாச்சி · செப்டம்பர் 5, காலை 6.00

என் பாக்கெட் இன்னும் வரவில்லை.